ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோட்டில் எதிரொளிப்பு: அலகு வெக்டரிலிருந்து அணி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நேரியல் இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கும்போது எதிரொளிப்பு அணி வந்தாலே ஒரே மாதிரிச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். சூத்திரம் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் தவறு நுழைய நாலைந்து வாசல் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முன்னால் உள்ளவை எளியவை. போகப்போகச் சிக்கல் கூடும்.

கோட்டில் எதிரொளிப்பது என்றால் கணக்கில் சரியாக என்ன செய்கிறோம்?

ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக நடந்து போங்கள். கோட்டைத் தொட்டதும் நிற்காமல், அதே திசையில் அதே தூரம் இன்னொரு முறை நடங்கள். நிற்கும் இடம்தான் பிம்பம். கோட்டின் மேலேயே இருக்கும் புள்ளி நகராது, ஏனென்றால் அதற்கு நடக்க வேண்டிய தூரம் பூஜ்யம்.

இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. புள்ளிக்கும் பிம்பத்துக்கும் நடுவில் சரிபாதியில் இருக்கும் புள்ளி கோட்டின் மேல் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கோடு எதிரொளிப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பின்னால் விடை சரிபார்க்கும்போது இந்த இரண்டும் உதவும்.

கோட்டின் சாய்வு m தெரிந்தால் போதாதா? அலகு வெக்டர் எதற்கு?

சாய்வை வைத்தும் அணி எழுதலாம். ஆனால் y அச்சுக்குச் சாய்வே கிடையாது. அந்த ஒரு கோட்டுக்காகத் தனியாக ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். y அச்சுக்கு மிக அருகில் இருக்கும் கோடுகளில் m பிரம்மாண்டமாகி, தசமக் கணக்கும் தடுமாறும்.

திசை வெக்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. y அச்சு என்றால் (0, 1), அவ்வளவுதான். y = mx என்ற கோடு கொடுத்திருந்தால் (1, m) என்பதே அதன் திசை. அதை அதன் நீளத்தால் வகுத்தால் அலகு வெக்டர் u கிடைத்துவிடும். நீளம் 1 ஆக இருக்க வேண்டும் என்பதற்கான காரணம் அடுத்த பதிலில் தானாக வெளிவரும்.

சூத்திரத்தில் அந்த 2 எங்கிருந்து வருகிறது?

v என்ற வெக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் முனையிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக இறங்கினால் தொடும் இடம் v-யின் வீழல். u-வின் நீளம் 1 என்றால் அந்த வீழல் (v·u)u. புள்ளிப் பெருக்கல் v·u கோட்டின் வழியே எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. u எந்தத் திசை என்று சொல்கிறது.

v-யிலிருந்து வீழலுக்குப் போக வேண்டிய நடை (v·u)u − v. முதல் பதிலில் சொன்னபடி இந்த நடையை இரண்டு முறை நடக்க வேண்டும். ஆக, பிம்பம்:

```
v' = v + 2[(v·u)u − v] = 2(v·u)u − v
```

இரண்டு முறை நடப்பதுதான் அந்த 2. ஒரு முறை மட்டும் நடந்தால் அது வீழல், எதிரொளிப்பு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

இதை எப்படி 2×2 அணியாக மாற்றுவது?

அணியின் முதல் நிரல் என்பது (1, 0)-வின் பிம்பம். இரண்டாவது நிரல் (0, 1)-இன் பிம்பம். u = (a, b) என்று வைத்து, மேலே உள்ள சூத்திரத்தில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். (1, 0)·u = a, அதனால் முதல் நிரல் 2a(a, b) − (1, 0). இரண்டாவது நிரல் 2b(a, b) − (0, 1). சேர்த்து எழுதினால்:

```
R = | 2a²−1    2ab   |
    |  2ab    2b²−1  |
```

இதையே சுருக்கமாக R = 2uuᵀ − I என்பார்கள். uuᵀ என்பது நிரல் வெக்டரை நிரை வெக்டரால் பெருக்கியது, அதனால் விடை 2×2 அணி. uᵀu என்று திருப்பி எழுதிவிட்டால் ஓர் எண்தான் கிடைக்கும். இதுவும் அடிக்கடி நடக்கும் சறுக்கல்தான். ஆனால் எண்ணிலிருந்து அணியைக் கழிக்க முடியாதே என்று உடனே உறைத்துவிடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

y = 2x என்ற கோட்டை எடுப்போம். திசை (1, 2), நீளம் √5. ஆகவே a = 1/√5, b = 2/√5. இப்போது a² = 1/5, b² = 4/5, ab = 2/5. மூலக்குறி எங்கேயும் மிஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். அணியில் a, b இரண்டும் எப்போதும் இரண்டிரண்டாகவே பெருக்கப்பட்டு வருவதால், முழு எண் திசையில் தொடங்கினால் பின்ன எண்களில்தான் முடியும்.

```
R = | −3/5   4/5 |
    |  4/5   3/5 |
```

(3, 1) என்ற புள்ளியை எதிரொளிப்போம். முதல் உறுப்பு −9/5 + 4/5 = −1. இரண்டாவது 12/5 + 3/5 = 3. பிம்பம் (−1, 3).

சரியா? நடுப்புள்ளி (1, 2), அது y = 2x மேல் இருக்கிறது. புள்ளியிலிருந்து பிம்பத்தைக் கழித்தால் (4, −2); அதற்கும் (1, 2)-க்கும் புள்ளிப் பெருக்கல் 4 − 4 = 0, ஆகவே செங்குத்து. ஆதிப்புள்ளியிலிருந்து தூரமும் இரண்டுக்கும் √10. சரி, கணக்கு நிற்கிறது.

ஒவ்வொரு புள்ளியாகப் போடாமல், அணியைப் பார்த்தே சரியா தப்பா என்று சொல்ல முடியுமா?

மூன்று அடையாளங்களைப் பார்க்கலாம். அணி சமச்சீராக இருக்க வேண்டும், அதாவது மூலைவிட்டத்துக்கு இருபுறமும் உள்ள உறுப்புகள் சமம். மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் 0 வர வேண்டும், ஏனென்றால் 2a² + 2b² − 2 = 0. அணிக்கோவை −1 ஆக இருக்க வேண்டும். மேலே உள்ள R-இல் −3/5 + 3/5 = 0, அணிக்கோவை −9/25 − 16/25 = −1. மூன்றும் சரி.

மூன்றும் ஒன்றாக வேண்டும். உதாரணமாக முதல் நிரை (1, 5), இரண்டாம் நிரை (0, −1) உள்ள அணியைப் பாருங்கள். மூலைவிட்டக் கூட்டல் 0, அணிக்கோவை −1, இரண்டு முறை செலுத்தினால் புள்ளி பழைய இடத்துக்கே வரும். ஆனால் அது (0, 1)-ஐ (5, −1)-க்கு அனுப்புகிறது, நீளமே மாறிவிட்டது. சமச்சீர் இல்லாததால் அது சாய்வாகத் தள்ளும் எதிரொளிப்பு, நமக்கு வேண்டியது அல்ல.

அப்புறம் முக்கியமான ஒன்று. மூன்றும் பொருந்தினால் அது ஏதோ ஒரு கோட்டில் எதிரொளிப்பு என்பது மட்டுமே உறுதி. அது உங்கள் கோடுதானா என்று தெரிய, கோட்டின் திசையை அணியால் பெருக்கிப் பாருங்கள். (1, 2)-ஐப் போட்டால் (1, 2)-வே திரும்பி வர வேண்டும். இந்த நான்காவது சோதனையைத் தவிர்த்துவிட்டு மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று கீழே கோணக் கேள்வியில் வருகிறது.

நான் u-வுக்குப் பதிலாக (1, 2)-ஐ அப்படியே போட்டுவிட்டேன். சில புள்ளிகளுக்கு விடை சரியாகவே வந்தது, சிலவற்றுக்குக் கன்னாபின்னாவென்று வருகிறது. ஏன்?

நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தச் "சில புள்ளிகளுக்குச் சரி" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. d = (1, 2) என்று வைத்து 2ddᵀ − I போட்டால் வருவது:

```
| 1   4 |
| 4   7 |
```

கோட்டுக்குச் செங்குத்தான (2, −1)-ஐ இதில் போடுங்கள்: (−2, 1) வருகிறது. மிகச் சரியான எதிரொளிப்பு! காரணம், செங்குத்து வெக்டருக்கு v·d பூஜ்யம். d எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த உறுப்பு மறைந்துவிடும். மிஞ்சுவது −v மட்டும். இப்போது கோட்டின் மேலேயே இருக்கும் (1, 2)-ஐப் போடுங்கள்: (9, 18). நகரவே கூடாத புள்ளி ஒன்பது மடங்கு ஓடிவிட்டது.

பொதுவாக, வெக்டரின் நீளத்தின் வர்க்கம் s என்றால், கோட்டின் வழியே உள்ள பகுதி 2s − 1 மடங்காகிறது. இங்கே s = 5, அதனால் 9. நீளம் சரியாக 1 ஆக இருந்தால் மட்டுமே அந்த மடங்கு 1. ஆகவே செங்குத்துப் புள்ளியை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தத் தவறு பிடிபடவே படாது. போன பதிலின் அடையாளங்களில் உடனே பிடிபடும்: மூலைவிட்டக் கூட்டல் 8, அணிக்கோவை −9.

1/√5 என்று வைத்துக்கொள்ளாமல் 0.45, 0.89 என்று தசமத்தில் போட்டால் என்ன கெட்டுவிடும்?

ஒரே ஒரு புள்ளியைத் தாளில் குறிப்பதற்கு என்றால் ஒன்றும் கெடாது. ஆனால் 0.45² + 0.89² = 0.9946, அதாவது s சற்றுக் குறைவு. போன பதிலின்படி கோட்டின் வழியே உள்ள பகுதி ஒவ்வொரு முறையும் 2 × 0.9946 − 1 = 0.9892 மடங்காகச் சுருங்கும். மூலைவிட்டக் கூட்டலும் 0-க்குப் பதிலாக −0.0108 என்று காட்டிக்கொடுக்கும்.

அதே அணியை 100 முறை செலுத்தினால் 0.9892-இன் 100-ஆம் அடுக்கு, சுமார் 0.34. இரட்டைப்படை முறை எதிரொளித்தால் படம் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். ஆனால் கோட்டின் திசையில் அது மூன்றில் ஒரு பங்காக நசுங்கியிருக்கும், செங்குத்துத் திசையில் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு பக்கமாகப் படம் மெலிந்துகொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் u-வின் நீளத்தைத்தான் கேட்பேன்.

அப்படியானால் வர்க்கமூலமே எடுக்காமல் செய்ய வழி உண்டா?

உண்டு, அதுதான் எனக்குப் பிடித்த வழியும். u = d/√s என்று போட்டால் uuᵀ = ddᵀ/s. ஆகவே வகுக்க வேண்டியது நீளத்தால் அல்ல, நீளத்தின் வர்க்கத்தால்: R = 2ddᵀ/(d·d) − I. y = 2x-க்கு 5-ஆல் வகுத்தால் போதும், √5 தலையே காட்டாது. பைத்தானில் எழுதினால்:

```python
def reflect(d, v):
    k = 2 * (d[0]*v[0] + d[1]*v[1]) / (d[0]**2 + d[1]**2)
    return (k*d[0] - v[0], k*d[1] - v[1])

print(reflect((1, 2), (3, 1)))   # (-1.0, 3.0)
```

d = (0, 0) கொடுத்தால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும். அது நியாயம்தான், திசையே இல்லாமல் கோடு ஏது?

u எடுப்பதா −u எடுப்பதா? இரண்டுமே அதே கோடுதானே?

எதை எடுத்தாலும் அதே அணி. a², b², ab மூன்றுமே இரண்டு உறுப்புகளின் பெருக்கல் என்பதால் கழித்தல் குறி இரண்டும் அடிபட்டுப் போகும்.

வேறொரு இடத்தில் I − 2uuᵀ என்று பார்த்தேன். குறி மாறியிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி, ஆனால் u என்ற எழுத்துக்கு இரண்டிலும் பொருள் வேறு. நம்முடைய u கோட்டின் வழியே போகிறது. I − 2uuᵀ-இல் உள்ள வெக்டர் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதை n என்று எழுதினால் குழப்பம் பாதி தீரும். எண்ணியல் கணக்கீட்டில் ஹவுஸ்ஹோல்டர் அணி என்று சொல்வது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

தளத்தில் uuᵀ + nnᵀ = I, ஆகவே 2uuᵀ − I-யும் I − 2nnᵀ-யும் ஒரே அணி. y = 2x-க்கு n = (2, −1)/√5 எடுத்துப் போட்டுப் பாருங்கள், அதே −3/5, 4/5, 3/5 வரும். தவறான வெக்டரைத் தவறான வடிவத்தில் போட்டால் R-க்குப் பதில் −R வரும். அதுவும் ஒரு எதிரொளிப்புதான், ஆனால் செங்குத்துக் கோட்டில். மூன்று அடையாளங்களும் பொருந்தும் என்பதால் நான்காவது சோதனை ஒன்றே இதைப் பிடிக்கும்: (1, 2) திரும்பி வராமல் (−1, −2) வரும்.

cos 2θ, sin 2θ வைத்து ஒரு அணி படித்தேன். ஏன் θ இல்லாமல் 2θ?

x அச்சிலிருந்து கோடு θ கோணத்தில் இருந்தால் u = (cos θ, sin θ). அப்போது 2a² − 1 = 2cos²θ − 1 = cos 2θ, 2ab = 2 sin θ cos θ = sin 2θ, 2b² − 1 = −cos 2θ. அதே அணிதான், உடை மட்டும் வேறு. படமாகப் பார்த்தால் இன்னும் தெளிவு: (1, 0) கோட்டுக்குக் கீழே θ தள்ளி இருக்கிறது, பிம்பம் கோட்டுக்கு மேலே θ தள்ளிப் போகும். ஆக மொத்தம் 2θ.

இங்கே 2-ஐ விட்டுவிட்டு cos θ, sin θ என்று எழுதினால் சமச்சீர், கூட்டல் 0, அணிக்கோவை −1 எல்லாம் பொருந்திவிடும். ஆனால் அது θ/2 கோணத்தில் உள்ள வேறொரு கோட்டில் எதிரொளிக்கும். முன்னே சொன்ன மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கோணம் தெரியாமல் திசை மட்டும் தெரிந்தால் tan⁻¹ போட்டுக் கோணம் கண்டுபிடித்து மறுபடி cos எடுப்பது வீண் வேலை. நேரே a, b போதும்.

அணி மட்டும் கொடுத்திருக்கிறார்கள், எந்தக் கோடு என்று கேட்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

R + I = 2uuᵀ. அதன் ஒவ்வொரு நிரலும் u-வின் மடங்கு: முதல் நிரல் 2a·u, இரண்டாவது 2b·u. ஆகவே மூலைவிட்டத்தில் 1 கூட்டிவிட்டு ஒரு நிரலைப் படித்தால் திசை கையில்.

நிரைகள் (0.6, 0.8), (0.8, −0.6) உள்ள அணியை எடுங்கள். 1 கூட்டினால் முதல் நிரல் (1.6, 0.8), அதாவது (2, 1) திசை. கோடு y = x/2. இரண்டாவது நிரல் (0.8, 0.4)-உம் அதையே சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: கோடு y அச்சாக இருந்தால் a = 0, முதல் நிரல் முழுக்கப் பூஜ்யமாகிவிடும். அதனால் இரண்டில் பெரியதாக இருக்கும் நிரலை எடுப்பது நல்லது.

இரண்டு கோடுகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால் மூன்றாவது ஒரு கோட்டில் எதிரொளிப்பு கிடைக்குமா?

கிடைக்காது. ஒவ்வொன்றின் அணிக்கோவையும் −1, பெருக்கினால் +1. அணிக்கோவை −1 இல்லாதது எதிரொளிப்பே அல்ல. கிடைப்பது சுழற்சி, அதுவும் இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள கோணத்தின் இரு மடங்கு.

முதலில் x அச்சில், பிறகு y = x-இல் எதிரொளியுங்கள். (x, y) முதலில் (x, −y) ஆகிறது, பிறகு (−y, x) ஆகிறது. இது இடஞ்சுழியாக 90°. கோடுகளுக்கு இடையில் 45°. வரிசையை மாற்றினால் (y, −x), அதாவது வலஞ்சுழியாக 90°. அணிகளைப் பெருக்கும்போது முதலில் நடப்பது வலப்பக்கம் வர வேண்டும், R₂R₁ என்று. இதைத் திருப்பி எழுதுகிறவர்களுக்குச் சுழற்சி எதிர்த்திசையில் போய்விடும்.

கோடு ஆதிப்புள்ளி வழியே போகாவிட்டால்?

2×2 அணி மட்டும் போதாது. எந்த அணியும் (0, 0)-ஐ (0, 0)-க்கே அனுப்பும், ஆனால் உங்கள் எதிரொளிப்பில் ஆதிப்புள்ளி நகர வேண்டும். கோட்டின் மேல் ஏதாவது ஒரு புள்ளி p எடுத்து, p ஆதிப்புள்ளிக்கு வரும்படி எல்லாவற்றையும் நகர்த்தி, எதிரொளித்து, திரும்ப நகர்த்துங்கள்: v' = R(v − p) + p. y = 2x + 5-இல் ஆதிப்புள்ளியை எதிரொளிக்க p = (0, 5) எடுத்தால், R(0, −5) = (−4, −3), அதோடு (0, 5) சேர்த்து (−4, 2). நடுப்புள்ளி (−2, 1) கோட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்: 2 × (−2) + 5 = 1, இருக்கிறது.

இதே 2uuᵀ − I-ஐ முப்பரிமாணத்தில் போட்டால் கோட்டில் எதிரொளிப்பு வருமா?

சூத்திரம் ஓடும், முதல் பதிலின் நடைக்கும் பொருந்தும். ஆனால் அது கண்ணாடி போல இடம் வலம் மாற்றாது. கோட்டின் திசை ஒன்று அப்படியே இருக்கும், செங்குத்தான இரண்டு திசைகள் குறி மாறும். அணிக்கோவை 1 × (−1) × (−1) = +1. அதாவது அது கோட்டை அச்சாக வைத்து 180° சுழற்றுவது.

தளத்தில் குறி மாற ஒரே ஒரு செங்குத்துத் திசைதான் இருக்கிறது, அதனால்தான் −1 வந்தது. முப்பரிமாணத்தில் கண்ணாடி வேண்டுமென்றால் அது ஒரு தளத்தில் எதிரொளிப்பு. அதற்குத் தளத்தின் செங்குத்து n-ஐ எடுத்து I − 2nnᵀ போட வேண்டும். இரண்டு பரிமாணத்தில் ஒன்றாகவே இருந்த இரண்டு வடிவங்களும் இங்கே பிரிந்துவிடுகின்றன, ஏனென்றால் uuᵀ + nnᵀ = I என்பது இங்கே உண்மை இல்லை.